கறுப்பு வேட்டி சாயம் விடுகிறது: உப்பா, வினிகரா?

கேள்வி: கார்த்திகைக்கு மாலை போடுகிறேன். எம்.சி. ரோட்டில் இரண்டு கறுப்பு வேட்டியும் ஒரு கறுப்புச் சட்டையும் எடுத்திருக்கிறேன். போன வருஷம் அம்மா சொன்னபடி கல் உப்பு போட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். அப்படியும் இடுப்பெல்லாம் கறுப்பு, தம்பியின் ஸ்கூல் சட்டையிலும் ஏறிவிட்டது. இந்த வருஷம் பக்கத்து வீட்டு அக்கா வினிகர் போடச் சொல்கிறார். எது சரி, எவ்வளவு போடவேண்டும்? வீடு தண்டையார்பேட்டை, போர் தண்ணீர்தான்.

இரண்டும் வேண்டாம். நல்ல தண்ணீர், சூடு, கொஞ்சம் லிக்விட் சோப்பு, ஒன்றரை மணி நேரம் இருந்தால் போதும். தேவைப்பட்டால் கடைசியில், தளர்ந்த சாயத்தைத் துணியிலேயே நிறுத்தும் ஒரு ஃபிக்ஸர். நான் சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தவன். பருத்தியில் கறுப்பை ஏற்றுவதும், ஏறாமல் நிற்கிற கறுப்பை அலசி வெளியே அனுப்புவதும்தான் பல வருஷம் என் பிழைப்பு. இதில் இரண்டாவது வேலைதான் கஷ்டம். அங்கே அரைகுறையாக விட்டதைத்தான் நீங்கள் உங்கள் வீட்டு பக்கெட்டில் பார்க்கிறீர்கள்.

பருத்தித் துணிக்கு இன்று பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். 1956-இல் சந்தைக்கு வந்த வகை. அதற்கு முன்பு இருந்த பல சாயங்கள் நூலுக்குள் புகுந்து சும்மா தங்கியிருக்கும். ரியாக்டிவ் சாயம் அப்படியல்ல, நூலோடு ரசாயனப் பிணைப்பே போட்டுக்கொள்ளும். அப்படிப் பிணைந்த சாயத்தை நீங்கள் துவைத்து எடுக்க முடியாது. உங்கள் தொல்லை எல்லாம் பிணையாமல் போன மிச்சத்தால் வருகிறது.

பட்டறையில் நடப்பது இதுதான். தொட்டியில் துணியையும் சாயத்தையும் விட்டு, உப்பைக் கொட்டுவார்கள். அடர் கறுப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு போகும். தண்ணீரில் பருத்தி நூலும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். உப்பு அந்தத் தள்ளலை அடக்கிச் சாயத்தைத் தண்ணீரிலிருந்து நூல் பக்கம் விரட்டும். உப்பின் வேலை அத்தோடு முடிந்தது. பிணைப்பை உண்டாக்குவது அதற்குப் பிறகு போடும் சோடா ஆஷ். 60 டிகிரி சூட்டில், காரத்தன்மையில், சாயத்தின் ஒரு முனை நூலைப் பிடித்துக்கொள்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த முனை நூலோடு மட்டும் சேராது, சுற்றியிருக்கும் தண்ணீரோடும் சேரும். தண்ணீரோடு சேர்ந்துவிட்டால் அந்த முனை செத்துப்போயிற்று. இறுகிப்போன சிமெண்ட்டில் மறுபடி தண்ணீர் ஊற்றிப் பூச முடியாது அல்லவா, அதே கதிதான். நிறம் அப்படியே இருக்கும், நூலைப் பிடிக்கும் சக்தி மட்டும் போயிருக்கும். அதன்பின் உப்பு போட்டாலும், வினிகர் போட்டாலும், படிகாரம் போட்டாலும் அது நூலோடு பிணையப்போவதில்லை. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: அதைத் துணியிலிருந்து வெளியேற்றுவது.

எவ்வளவு சாயம் இப்படி வீணாகும்? சாயத்தைப் பொறுத்தும் பட்டறையைப் பொறுத்தும் மாறும். போட்டதில் 20 முதல் 40 சதவீதம் வரை பிணையாமல் நிற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். வெளிர் நிறத்தில் இது பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் 100 கிலோ துணிக்கு அரைக் கிலோ சாயம்கூடப் போயிருக்காது. கறுப்புக்கு அதே 100 கிலோவுக்கு 5 முதல் 8 கிலோ வரை போகும். 6 கிலோ போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு கிலோ சாயம் பிணையாமல் தொட்டியிலும் துணியிலுமாக நிற்கும். கருநீலம், அடர் மெரூன், பாட்டில் பச்சை எல்லாம் ஏன் சாயம் விடுகின்றன, சந்தன நிறச் சட்டை ஏன் விடுவதில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

நல்ல பட்டறையில் இந்த மிச்சத்தை எடுக்க ஒரு வரிசை வைத்திருப்பார்கள். முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுவார்கள். பிறகு அசிட்டிக் ஆசிட் கொஞ்சம் விட்டுக் காரத்தை முறிப்பார்கள். அதன்பின் சூடான அலசல், அப்புறம் 90, 95 டிகிரியில் சோப்புத் தண்ணீரில் ஓட்டும் சோப்பிங், மறுபடி சூடான அலசல், கடைசியில் பச்சைத் தண்ணீர். கறுப்புக்குச் சோப்பிங் ஒருமுறை பத்தாது, இரண்டு முறை ஓட்டவேண்டும். ஒவ்வொரு முறையும் தொட்டி நிறையத் தண்ணீர், அதைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக விறகோ நிலக்கரியோ எரித்த நீராவி, வெளியே போகும் கழிவைச் சுத்திகரிக்கும் செலவு. துணிக்கு நிறம் ஏற்றும் செலவைவிட அலசும் செலவு பெரிதாகப் போய்விடும். குறைந்த விலைக்குத் தரவேண்டிய துணியில் முதலில் கைவைப்பது இந்த அலசலில்தான். ஒரு சோப்பிங்கை வெட்டுவார்கள், சூட்டைக் குறைப்பார்கள், மேலே ஃபிக்ஸரைப் போட்டு மூடி அனுப்புவார்கள். கார்த்திகை சீசனுக்காக மொத்தமாக அடிக்கிற கறுப்பு வேட்டியின் விலையைப் பாருங்கள். அந்த விலையில் இரண்டு சோப்பிங் கட்டுப்படியாகாது என்பது என் அபிப்பிராயம். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் கையில் இது இல்லை.

இப்போது உப்புக்கு வருவோம். பட்டறையில் சோப்பிங்குக்கு முன்னால் பச்சைத் தண்ணீரில் அலசுவது அழுக்குக்காக அல்ல, உப்பை வெளியேற்றுவதற்காக. லிட்டருக்கு ஓரிரு கிராமுக்கு மேல் உப்பு மிச்சமிருந்தாலே செத்த சாயம் நூலைவிட்டு இறங்காமல் அடம்பிடிக்கும். உப்பு சாயத்தை நூல் பக்கம் தள்ளுகிறது என்று சொன்னேனே, பிணைய வாய்ப்பே இல்லாத மிச்சச் சாயத்தையும் அது அதே பக்கம்தான் தள்ளும். நீங்கள் போன வருஷம் செய்தது பட்டறைக்காரர் துரத்தப் பாடுபடுகிற உப்பைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டியதுதான். ஒரு கைப்பிடி கல் உப்பு 50 கிராம் இருக்கும். பத்து லிட்டர் பக்கெட்டில் அது லிட்டருக்கு 5 கிராம். சாயத் தொட்டியின் அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆனால் அலசலைக் கெடுக்க இது தாராளம்.

இதில் ஏமாற்றும் விஷயம், உப்பு வேலை செய்வது போலவே தெரியும் என்பது. உப்பு போட்ட பக்கெட்டில் தண்ணீர் கொஞ்சம் வெளிறி இருக்கும். "பாத்தியா, சாயம் நின்னுடுச்சு" என்று அம்மா சொல்லியிருப்பார். நிற்கவில்லை, துணிக்குள் தங்கிவிட்டது. மறுநாள் உப்பில்லாத தண்ணீரில் போட்டதும் இறங்கும், அல்லது நீங்கள் வியர்த்து நடக்கும்போது இடுப்பில் இறங்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்ததும் பிசகு. இறங்கிய சாயம் அதே தண்ணீரில் துணியோடு கிடந்தால் மெதுவாகத் திரும்ப ஏறும், அதுவும் மடிப்பு விழுந்த இடங்களில் திட்டுத் திட்டாக.

அம்மா சொன்னதற்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ரியாக்டிவ் பரவுவதற்கு முன்பு பருத்திக்கு டைரக்ட் சாயம் நிறையப் புழங்கியது. அது நூலோடு பிணைவதில்லை, வெறும் ஈர்ப்பில் நிற்கும். உப்புத் தண்ணீரில் டைரக்ட் சாயம் இறங்குவது நிஜமாகவே குறையும், அந்தத் துவைப்புக்கு மட்டும். ஒவ்வொரு முறையும் உப்பு போட்டுத் துவைத்தவர்களுக்குப் பலன் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம்தான் வீட்டு வைத்தியமாகத் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். இது என் ஊகம், எழுதி வைத்த சான்று எதுவும் கையில் இல்லை.

வினிகர் கதை வேறு. அமிலத்தில் ஏறும் சாயங்கள் உண்டு, அவை பட்டுக்கும் கம்பளிக்கும் நைலானுக்கும் போடுபவை. அங்கே அமிலம் உண்மையாகவே சாயத்தை நாரோடு இழுத்துப் பிடிக்கும், அதற்கும் சூடு வேண்டும். பருத்தியில் ரியாக்டிவ் சாயம் பிடிப்பது காரத்தில். அதற்கு நேரெதிரான அமிலத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூடி ஊற்றினால் என்ன பிணையும்? பட்டறையில் அசிட்டிக் ஆசிட் விடுவதைப் பார்த்தவர்கள் யாரோ அது சாயத்தைப் பிடிக்கவைக்கத்தான் என்று நினைத்திருக்கலாம். அது மிச்சமிருக்கும் சோடாவை முறிக்க. உங்கள் வேட்டி கடைக்கு வருவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிட்டது. வினிகரால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, காசும் நேரமும்தான் வீண். ஒரே ஒரு எச்சரிக்கை: இரண்டாவது முயற்சியாக இருக்கட்டும் என்று வினிகரையும் பிளீச்சையும் ஒரே பக்கெட்டில் கலந்துவிடாதீர்கள். விஷவாயு வரும்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி, போர் தண்ணீர். தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் பல போர்களில் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதோடு கடினத்தன்மையும் சேர்ந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு அரை கிராமுக்குள் இருக்கவேண்டும், வேறு வழியில்லை என்றால் 2 கிராம் வரை. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் அந்த எல்லையைத் தொட்டதாகவோ தாண்டியதாகவோ இருக்கும். அப்படியென்றால் நீங்கள் உப்பே போடாவிட்டாலும் உப்பு போட்ட அலசல்தான் நடக்கிறது. கடினத்தன்மை தரும் கால்சியமும் மெக்னீசியமும் இன்னொரு வேலை செய்யும். சாயத்தோடு சேர்ந்து அதன் கரையும் தன்மையைக் குறைத்து, துணியின் மேலேயே படியவைக்கும். அதனால்தான் பட்டறைகளில் மென்னீரில் சோப்பிங் ஓட்டுவோம். உங்கள் தண்ணீர் எப்படி என்று பார்க்க எளிய வழி, குளிக்கிற சோப்பைக் கையில் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்தால் இந்த வேலைக்கு அந்தத் தண்ணீர் உதவாது. மெட்ரோ தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து, ஐந்தாறு குடம் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். மழை பெய்தால் மொட்டைமாடித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டாலும் சரி, அதைவிட நல்ல மென்னீர் கிடையாது.

சரி, செய்முறை. இரண்டு நாலு முழ வேட்டி சேர்ந்து ஏறக்குறைய அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டர் தண்ணீர் ஒரு சுற்றுக்குப் போதும். துணி தாராளமாக நீந்தவேண்டும், அமுங்கிக் கிடக்கக் கூடாது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் அலசிப் பிழியுங்கள். தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை. இதில் வருவது கஞ்சியும் மிச்ச உப்பும், மேலாக நிற்கிற கொஞ்சம் சாயமும். தண்ணீர் கறுப்பாக வராது, கருநீலமாகவோ லேசான ஊதாவாகவோ வரும். பயப்படவேண்டாம். பருத்திக்கு அதிகம் போடும் ரியாக்டிவ் கறுப்பு தனியாகப் பார்த்தால் கருநீலம்தான். அதில் ஆரஞ்சும் சிவப்பும் சேர்த்து அடர் கறுப்பாகக் கொண்டுவருவார்கள்.

அடுத்தது சூடு. இதுதான் முழு வேலையின் உயிர். ஐந்து லிட்டரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஐந்து லிட்டர் குழாய்த் தண்ணீரோடு கலந்தால் நம்மூர் வெயிலுக்கு 60 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். கையை விட முடியாத சூடு, ஆவி பறக்கும். அதில் இரண்டு டீஸ்பூன் லிக்விட் டிடர்ஜென்ட் கலந்து வேட்டிகளைப் போட்டு, ஒரு மரக்கழியால் விடாமல் கிளறுங்கள். பதினைந்து நிமிஷம் போதும். சலவை சோடாவோ அதிகக் காரம் உள்ள பார் சோப்போ வேண்டாம். சில சாயங்களின் பிணைப்பே சூடும் காரமும் சேர்ந்தால் அறுபடும், நல்ல சாயத்தையும் இழப்பீர்கள். பிளீச் சேர்ந்த பவுடரும் கூடாது. பதினைந்து நிமிஷம் ஆனதும் தண்ணீர் ஆறுவதற்குள் துணியைத் தூக்கிவிடவேண்டும். ஆற விட்டால் இறங்கியது திரும்ப ஏறும். கழியில் மாட்டித் தூக்கி, அந்தத் தண்ணீரைக் கொட்டி, உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

இரண்டாவது சூட்டுத் தண்ணீரில் ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளை பனியனில் உள்ளங்கை அளவு வெட்டி, வேட்டியின் ஓரத்தில் ஊசிநூலால் நாலு தையல் போட்டு இணைத்துவிடுங்கள். லேபில் துவைப்பு உறுதியைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான், அங்கே பல நார்கள் கொண்ட பட்டையைத் தைப்போம். அதே பதினைந்து நிமிஷம், அதே கிளறல், கடைசியில் பனியன் துண்டை அலசிப் பாருங்கள். வேட்டி நல்லது என்றால் முதல் முறை துண்டு சாம்பல் நீலமாக வரும். புதுத் துண்டு தைத்து மூன்றாவது சுற்று ஓட்டினால் அழுக்கு வெள்ளை அளவுக்கு வந்திருக்கும். அங்கே நிறுத்திவிடலாம். பக்கெட் தண்ணீரில் அப்போதும் லேசாக நீலம் தெரியலாம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒரு சிட்டிகை சாயமே பத்து லிட்டரைக் கலக்கிவிடும். வெள்ளைத் துண்டில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் தம்பியின் சட்டைக்கு வரப்போகும் ஆபத்து.

ஒவ்வொரு சுற்றிலும் துண்டின் நிறம் குறைந்துகொண்டே வந்தால் உங்களிடம் இருப்பது ரியாக்டிவ், மிச்சம் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று தைரியமாக இருக்கலாம். நாலாவது சுற்றிலும் முதல் சுற்றைப் போலவே ஏறினால் அது வேறு சரக்கு. பெரும்பாலும் டைரக்ட் சாயமாக இருக்கும். அதற்கு அடிமட்டம் கிடையாது, துவைக்கத் துவைக்க இறங்கும், வேட்டி பழுப்பு ஏறிய சாம்பலாகும். அங்கே சூட்டை நிறுத்திவிட்டு ஃபிக்ஸருக்குப் போகவேண்டும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு, உங்கள் இடுப்புக் கறுப்பைக் கேட்டதும் எனக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. சல்ஃபர் கறுப்பு. மலிவான, அடர்ந்த, ஆழமான கறுப்பு. தண்ணீரில் கரையாத நிலையில் நூலுக்குள் நிற்பதால் பக்கெட்டில் அதிகம் இறங்காது, ஆனால் மேலாகப் படிந்தது உரசலில் வரும். சாயம் தண்ணீரில் இறங்குவதும் உரசலில் ஒட்டுவதும் வெவ்வேறு வியாதிகள். ஈரக் கைக்குட்டையை விரலில் சுற்றி, வேட்டியின் ஒரே இடத்தில் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். காய்ந்த கைக்குட்டையால் வேறு இடத்தில் பத்து முறை. பனியன் துண்டு சுத்தமாக வந்தும் கைக்குட்டை கறுத்தால், உங்களுக்கு இருப்பது உரசல் பிரச்சினை. அதற்கு உப்பு, வினிகர் மட்டுமல்ல, ஃபிக்ஸரும் பெரிதாக உதவாது. சோப்பு போட்டு, துணியோடு துணி உரச நன்றாகக் கசக்கி, மேல் தூளை உதிர்த்து எடுக்கவேண்டும். வாஷிங் மெஷினில் தனியாகச் சூட்டில் ஓட்டினால் இது சுலபமாக நடக்கும். அடர் கறுப்பில் ஈர உரசல் முழுக்கப் போவது அபூர்வம். ஏற்றுமதித் தரத் துணியிலேயே கறுப்புக்கு மட்டும் ஈர உரசல் மதிப்பெண்ணில் விட்டுக்கொடுத்து வாங்குவார்கள்.

உங்கள் வேட்டி இந்த மூன்றில் எது என்று எழுத்தில் கேட்டு என்னால் சொல்ல முடியாது. கடைக்காரருக்கும் தெரியாது. மேலே சொன்ன இரண்டு சோதனைகளும் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிவிடும்.

ஃபிக்ஸர் பற்றி. பட்டறைகளில் ஃபிக்ஸிங் என்று சொல்லும் சரக்கு, சாயத்துக்கு எதிரான மின்னூட்டம் கொண்ட பாலிமர். தளர்ந்த சாயத்தைப் பிடித்துக் கரையாத பெரிய கட்டியாக்கி நூலிலேயே நிறுத்தும். உப்பு செய்யும் என்று நீங்கள் எதிர்பார்த்ததை நிஜமாகச் செய்வது இதுதான். பார்க் டவுன் பக்கம் கெமிக்கல் கடைகளில் காட்டன் டை ஃபிக்ஸர் என்று கேளுங்கள், ஃபார்மால்டிஹைடு இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். உடம்போடு ஒட்டி 41, 48 நாள் கட்டப்போகும் துணி. துணியின் எடையில் 2 சதவீதம் போதும், அதாவது அரைக் கிலோவுக்கு 10 கிராம். பத்து லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வேட்டியைப் போட்டு இருபது நிமிஷம் கிளறி, ஒரு அலசல், காயவைத்துவிடலாம். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். துணியில் சோப்பு மிச்சமிருக்கும்போதே ஃபிக்ஸர் விட்டால், டிடர்ஜென்டும் ஃபிக்ஸரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைப் பிசுக்காகத் திரியும், சாயத்துக்கு எதுவும் மிஞ்சாது. நுரை அடியோடு போகும் வரை அலசியபிறகுதான் ஃபிக்ஸர். இன்னொன்று, அலசாமலே நேராக ஃபிக்ஸரில் முக்குவது. அவ்வளவு மிச்சச் சாயத்தையும் மேலாகவே கட்டிப்போட்டால் அது அப்புறம் உரசலில் உதிரும், அதுதான் இடுப்புக் கறுப்பு. பல மலிவுத் துணிகள் கடைக்கு வருவதே இந்த நிலையில்தான். ஃபிக்ஸர் நிரந்தரமும் இல்லை, பத்து பதினைந்து துவைப்பில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். மாலைக் காலம் முழுக்கத் தினமும் நனைத்துக் கட்டுகிற வேட்டிக்கு நடுவில் ஒருமுறை மறுபடி போடவேண்டி வரலாம்.

சட்டையைத் தனியாகச் செய்யுங்கள். லேபிளில் பாலியஸ்டர் கலந்தது என்றிருந்தால் அதில் பாதிக்கு வேறு சாயம். ஒரு சூட்டு அலசலும் பனியன் துண்டுச் சோதனையும் போதும், பெரும்பாலும் அதிலேயே தேறிவிடும். காலருக்குள் வெள்ளை கேன்வாஸ் வைத்துத் தைத்திருந்தால் சட்டையை ஊறவே விடாதீர்கள். வீட்டில் பட்டு வேட்டியோ பட்டுப்புடவையோ சாயம் விடுகிறது என்று இதே முறையை அதில் காட்டிவிடக் கூடாது. 60 டிகிரி சூட்டில் பட்டின் பளபளப்பே போய்விடும்.

வேலையை ஐப்பசிக்கு முன்பே முடித்துவிடுங்கள் என்பது என் யோசனை. கார்த்திகை பிறப்பது நவம்பர் நடுவில், நம்மூரில் சரியான அடைமழை. துணி இரண்டு நாளானாலும் காயாது. ஈரமாகச் சுருட்டிக் கிடக்கும் கறுப்புத் துணி பக்கெட்டில் கிடப்பதைவிட மோசம். தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சச் சாயம் கடைசியாகக் காய்கிற மடிப்பில் போய்ச் சேரும், அங்கே எது தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதில் ஏறும். தம்பியின் சட்டையில் ஏறியதும் ஒருவேளை துவைக்கும்போது அல்ல, துவைத்துக் குவித்து வைத்த அரை மணி நேரத்தில்தான். முன்கூட்டி அலசியிருந்தாலும் மாலைக் காலத்தில் கறுப்பைத் தனிக் கொடியில், பிரித்து விரித்துக் காயப்போடுங்கள். மழை நாளில் ஃபேனுக்குக் கீழே.

அந்தச் ஸ்கூல் சட்டை இன்னும் இருந்தால், அது முழு வெள்ளையாக இருக்கும்பட்சத்தில் மீட்கலாம். கெமிக்கல் கடையிலேயே ஹைட்ரோஸ் என்று கேட்டால் வெள்ளைத் தூள் ஒன்று தருவார்கள். சாயக்காரர்கள் தவறிய நிறத்தை உரிக்கப் போடுவது. ஐந்து லிட்டர் நல்ல சூட்டுத் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன், ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை போட்டுக்கொண்டு, இருபது நிமிஷம். நாற்றம் பலமாக இருக்கும். தூள் டப்பாவில் ஈரம் படக் கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும், அதனால் மிச்சத்தை வீட்டில் சேர்த்துவைக்காமல் கொஞ்சமாகவே வாங்குங்கள். சட்டைப் பையில் பள்ளியின் பெயரை வண்ண நூலில் தைத்திருந்தால் அந்த நூலும் வெளுத்துவிடும், அதைப் பிரித்தெடுத்துவிட்டுப் போடுங்கள்.